பொங்கல் வாழ்த்து: ஒற்றைப் படமா, கதை சொல்லும் கரோசலா?

பெஸ்தாரி ஜெயா மாதிரி தோட்டப்புறப் பட்டணத்தில் (பெரியவர்களுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஜனவரி பிறந்தால் போதும், கோவில் நிர்வாகம், இளைஞர் பகுதி, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கம் என்று ஆளுக்கொரு வாழ்த்துப் படம் வாட்ஸ்அப்பில் வந்து இறங்கும். பானை, கரும்பு, ஓரமாகத் தலைவரின் படம், 'இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்'. இதற்கு மாற்றாக ஐந்தாறு படங்களை அடுக்கி, வழக்கத்தின் பின்னால் இருக்கும் கதையைச் சொல்லும் கரோசலைத்தான் நாங்கள் எடுத்தோம். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

ஒற்றைப் படத்தின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அரை மணி நேரத்தில் முடியும், யாரும் தப்புச் சொல்ல முடியாது. கரோசலுக்கு முதல் வருஷம் மூன்று நான்கு இரவுகள் போகும். குறுங்காணொளியும் ஒரு வழிதான். ஆனால் அதை ஒரே ஒரு பொங்கலுக்குச் செய்து பார்த்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. குரல் நன்றாக இருந்தால் எடுபடுகிறது, தப்பு வந்தால் மறுபடியும் பேசிப் பதிய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் இப்போதைக்கு.

எங்களுக்கு முடிவைத் தீர்த்தது வேறொரு கேள்வி: அடுத்த தைக்கு இதில் என்ன மிஞ்சும்?

ஒற்றைப் படத்தில் எதுவும் மிஞ்சாது. அதில் வருஷம் இருக்கிறது, நிர்வாகத்தினர் படம் இருக்கிறது, நன்கொடை கொடுத்த கடையின் பெயர் இருக்கிறது. ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் மாறினால் படம் செத்தது. கரோசலில் மாறக்கூடியதை எல்லாம் கடைசிப் படத்துக்குள் அடைத்துவிடலாம்: தேதி, கோவிலில் பானை வைக்கும் நேரம், பெயர்கள். பொங்கல் சில ஆண்டு 14, சில ஆண்டு 15 என்று வருவதாலும், பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் நேரம் மாறுவதாலும் இவை கதைப் படங்களில் தலைகாட்டவே கூடாது. அப்படிப் பிரித்து வைத்தால் இரண்டாம் வருஷம் ஒரே ஒரு படத்தைத் திருத்தினால் போதும், மற்ற ஐந்தும் அப்படியே நிற்கும்.

ஆனால் அப்படி நிற்க வேண்டுமென்றால் கதை இந்த ஊருக்குப் பொருந்த வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கமொன்றிலிருந்து 'உழவர்கள் தம் வயலில் அறுத்த புது நெல்லுக்கு நன்றி' என்ற வாசகத்தையும் ஜல்லிக்கட்டுப் படத்தையும் எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். சுற்றிலும் எண்ணெய்ப்பனை நிற்கிறது. அதற்கு முன்னால் பால்மரம் நின்றது. பெரட்டுக்கு நின்ற பாட்டி நெல் அறுக்கவில்லை. அவருடைய முன்னோர் நெல் விளைந்த ஊர்களின் நாள்கணக்கைக் கப்பலில் கொண்டு வந்து, நெல்லே இல்லாத லயத்து வாசலில் பானை வைத்தார்கள். சொல்ல வேண்டிய கதை அதுதான். கொஞ்ச தூரத்தில் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்கள் இருந்தாலும் அவை இந்தத் தோட்டத்துப் பானையின் கதை அல்ல.

ஒரு கரோசலைப் பிரித்துக் காட்டினால் விளங்கும். முதல் படத்தில் பால் பொங்கி வழியும் பானையும் ஒரே ஒரு கேள்வியும்: 'மற்ற நாளில் பால் வழிந்தால் திட்டுகிறோம், இன்று மட்டும் ஏன் கைதட்டுகிறோம்?' இரண்டாவதில் பதில்: விழாவின் பெயரே பொங்குதல்தான், நிறைந்து வழிவது வீட்டுக்கும் ஆகட்டும் என்ற விருப்பம். மூன்றாவதில் பானையின் கழுத்தில் கட்டும் மஞ்சள் கொத்து. கிழங்கும் இலையுமாக, பிடுங்கின செடியை அப்படியே கட்டுகிறோம் என்பதைக் காட்ட நெருங்கி எடுத்த படம் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் படங்கள் பலவற்றில் வெறும் இலைதான் இருக்கும். நான்காவது, நெல் இல்லாத தோட்டத்தில் பொங்கல். ஐந்தாவது மாட்டுப் பொங்கல்: லயத்துப் பின்கட்டில் பசு வளர்த்த காலம், தாமானுக்குக் குடிவந்த பிறகு கொட்டகைக்கு இடமில்லாமல் போனது. ஆறாவது தேதியும் வாழ்த்தும்.

இந்த ஐந்தாவது படத்தில் ஒரு பொறி இருக்கிறது. சிவன் நந்தியிடம், 'மக்கள் தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கட்டும், மாதம் ஒருமுறை சாப்பிடட்டும்' என்று சொல்லி அனுப்ப, நந்தி அதை மாற்றிச் சொல்லிவிட்டது. அதனால் ஏர் இழுக்கப் பூமிக்கு அனுப்பப்பட்டது என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. சுவையான கதை, வைக்கலாம். ஆனால் 'செவிவழிக் கதை' என்ற சொல்லை நான்காவது படத்தின் அடியில் எழுதிவிட்டு ஐந்தாவதில் கதையைத் தொடங்கினால் வம்பு. இன்ஸ்டாகிராமில் படங்கள் வரிசையாக இருக்கும். தோட்டப்புறத்திலோ அது வாட்ஸ்அப் வழியாகத்தான் ஓடும். அங்கே பெரியம்மா தனக்குப் பிடித்த ஐந்தாவது படத்தை மட்டும் குடும்பக் குழுவுக்குத் தள்ளிவிடுவார். அது வரலாறு மாதிரி நிற்கும், இரவு முழுக்க வாக்குவாதம் நடக்கும். அதனால் ஒவ்வொரு படமும் தனியே கையில் கிடைத்தாலும் புரிய வேண்டும்: 'அதனால்தான்' என்று தொடங்கக் கூடாது, 'சொல்வார்கள்' என்பது அதே படத்திலேயே இருக்க வேண்டும், ஊர்ப்பெயர் மூலையில் சின்னதாக இருக்க வேண்டும். தொடர்ச்சியாகப் படிக்கிற சுகம் கொஞ்சம் குறையும்தான்.

அளவு 1080-க்கு 1350 வைத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தின் வடிவத்தையே மற்றவையும் எடுத்துக்கொள்ளும், ஒன்று சதுரமாக இருந்தால் மற்றதன் தலை வெட்டுப்படும். ஒரு படத்துக்கு 25, 30 சொற்களுக்கு மேல் வேண்டாம். எழுத்து 40 பிக்சலுக்குக் கீழே போனால் கைப்பேசியில் பாட்டி கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால், ஆங்கில எழுத்துக்கு வைக்கிற வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கு வைத்தால் மூச்சு விடும்.

வெளியிடும் முன் 'பொ' என்ற எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தமிழ் எழுத்து அமைப்பைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் கொம்பு இடம் மாறி, 'பொங்கல்' என்பது 'பாெங்கல்' என்று உடைந்து நிற்கும். கணினியில் சரியாகத் தெரிந்து, ஏற்றுமதி செய்த படத்தில் மட்டும் உடைவதும் உண்டு. ஆகவே பார்க்க வேண்டியது ஏற்றுமதியான படத்தை. இன்ஸ்டாகிராமில் போட்ட பிறகு ஒரு படத்தை நீக்கலாம், விளக்க வரியைத் திருத்தலாம், ஆனால் படத்தை மாற்றி வைக்க முடியாது. வாட்ஸ்அப்பில் பரவியதைக் கூப்பிட்டாலும் வராது. இந்த ஒரு இடத்தில் ஒற்றைப் படம் ஜெயிக்கிறது: தப்பு வருவதற்கு அதன் வாழ்த்தில் மூன்றே சொல்தான்.

அதனால் மார்கழி பாதியிலேயே ஐந்து படங்களையும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இரண்டு பேரிடமாவது காட்டிவிடுங்கள், ஒருவர் கன்னிப் பொங்கல் கொண்டாடுகிற வீட்டைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது. 'எங்க லயத்துல அப்படி இல்ல' என்று அவர் சொன்னால், வாசகத்தில் 'எல்லோரும்' என்பதை 'பல வீடுகளில்' என்று மாற்ற ஒரு நிமிடம்தான். வேலை முடிந்ததும் ஏற்றுமதிப் படங்களோடு, எழுத்தைத் திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் எழுத்துருவையும் ஒரே அடைவில் வைத்து, நிர்வாகத்தில் இரண்டு பேரின் கணினியில் சேமியுங்கள். ஆறாவது படத்தின் கோப்புக்கு மட்டும் பெயரில் வருஷத்தைச் சேர்த்துவிடுங்கள். அடுத்த தைக்குத் திறக்க வேண்டியது அந்த ஒன்றைத்தான்.