இரவு வேலைக் கிழமையில் எந்த நேரம் படிப்பது?

என் மச்சான் மட்டக்களப்பில், கல்லடியில் இருக்கிறார். பாலத்துக்கு அந்தப் பக்கம், நகரத்தை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரு கிழமை காலை 6 முதல் பின்னேரம் 2 வரை, அடுத்த கிழமை 2 முதல் இரவு 10 வரை, அதற்கடுத்த கிழமை இரவு 10 முதல் காலை 6 வரை. இந்தச் சுற்றுக்குள் அவர் உயர்தரத்துக்குக் கணக்கீடு படிக்கிறார், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக. இரவுக் கிழமையில் அவருக்கு மூன்று வழிகள் இருந்தன: வேலை முடிந்து வந்த கையோடு படிப்பது, வேலை இடத்திலேயே நடுச்சாமத்துக்குப் பிறகு படிப்பது, முதலில் நித்திரை கொண்டு எழும்பிப் பின்னேரம் படிப்பது.

முதலாவது வழிதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். ஆறரைக்கு வீடு, குளித்துச் சாப்பிட்டால் ஏழு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள், வீடு அமைதியாகிவிடும். காலை வெளிச்சத்தில் மூளையும் விழித்துக்கொண்டதுபோல இருக்கும். படித்தவுடன் நித்திரை கொண்டால் படித்தது நன்றாகப் பதியும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த வெளிச்சத்தையும் சுறுசுறுப்பையும் நம்பக்கூடாது. முந்தின நாள் பின்னேரத்திலிருந்து விழித்திருக்கும் தலையில் புதிய பாடம் முதலில் ஏறவே வேண்டும். ஏறாத ஒன்றை நித்திரை பதிய வைக்காது.

பெரிய நட்டம் நித்திரையில்தான். உடம்பின் வெப்பம் விடியற்காலை நாலு ஐந்து மணியளவில் ஆகக் குறைந்து, பிறகு பகல் முழுக்க ஏறிக்கொண்டு போகும். அது ஏற ஏற ஆழ்ந்த நீண்ட நித்திரை கடினமாகும். அதனால் காலை ஏழரைக்குப் படுப்பவர் ஐந்தரை, ஆறு மணித்தியாலம் நித்திரை கொள்ளக்கூடும். இரண்டு மணித்தியாலம் படித்துவிட்டு ஒன்பதரைக்குப் படுப்பவருக்கு அது நாலாகச் சுருங்கும். எங்கள் ஊரில் இதோடு கூரையும் சேருகிறது. தகரமோ சீற்றோ போட்ட வீட்டு அறை பதினொரு மணிக்கே காயத் தொடங்கிவிடும். ஜூன், ஜூலையில் கச்சான் அடிக்கும் நாட்களில் ஃபேன் சூட்டுக் காற்றைத்தான் சுற்றிவிடும். போதாக்குறைக்கு ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். "சத்தம் போடாத மனே, அப்பா படுத்திருக்கார்" என்று மாமி வாசலில் நின்று சொல்வதே ஒருவரை எழுப்பப் போதும்.

இரண்டாவது வழியை மச்சான் பெரிதாக விரும்பினார். இயந்திரம் சரியாக ஓடினால் இரண்டு மணிக்குப் பிறகு சும்மா இருக்கும் நேரம் உண்டு, புத்தகத்தைக் கொண்டுபோனால் வீண்போகாது என்பது அவர் கணக்கு. மேற்பார்வையாளர் என்ன சொல்வார் என்பது தனி விசயம். ஆனால் மூன்று முதல் ஐந்து வரை உடம்பின் விழிப்பு ஆக அடியில் இருக்கும் நேரம். இதைச் சோதிக்கச் சுலபமான வழி உண்டு. பழைய வினாத்தாளில் பத்துப் பல்தேர்வு வினாக்களை மூன்றரைக்குச் செய்து பாருங்கள். அதே அளவு கடினமான வேறு பத்தைப் பின்னேரம் நாலு மணிக்குச் செய்து பாருங்கள். பிழைகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் வகையைக் கவனிக்க வேண்டும். சாமத்தில் வரும் பிழைகள் தெரியாததால் வருவதில்லை. வரவில் போடவேண்டியதைச் செலவில் போடுவது, தேய்மானத்தைக் கழிக்க மறப்பது, ஒரே வரியை மூன்று முறை வாசிப்பது போன்றவைதான் வரும். இப்படிச் செய்யும் பயிற்சி பிழையையே பழக்கமாக்கும். பதினொன்று முதல் பன்னிரண்டரை வரை வேலை மெதுவாக இருந்தால் வரைவிலக்கணங்களைச் சின்ன அட்டையில் எழுதி வைத்துப் புரட்டலாம். அதற்குமேல் அந்த இரவிடம் எதிர்பார்க்கக்கூடாது.

மூன்றாவது வழியையே நான் சொல்வேன், ஆனால் அதை அரைகுறையாகச் செய்தால் பயனில்லை. அது வேலை இடத்திலேயே தொடங்கும். தேத்தண்ணீரின் கஃபீன் பாதி குறைய ஐந்து மணித்தியாலம் போல ஆகும், அதனால் கடைசிப் பிளேன்டீ ஒரு மணிக்கு முன். வரும் வழியில் வெளிச்சத்தைக் குறைப்பது நல்லது. கல்லடிப் பாலத்தில் ஏறினால் ஆறரை மணி வெயில் கிட்டத்தட்ட முகத்துக்கு நேரே வரும். அது உடம்பிடம் "விடிந்துவிட்டது, எழும்பு" என்று சொல்வது. தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ உதவும். கண் சொக்கினால் மட்டும் மோட்டார்சைக்கிளை வேலை இடத்திலேயே விட்டுவிட்டுப் பேருந்தில் வரட்டும்.

வீட்டில் சின்னச் சாப்பாடு, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, 7.15க்குப் படுக்கை. ஒரு மணிக்கு எழும்புதல், அதாவது பிள்ளைகள் வருவதற்கு முன். இதில் ஐந்தே முக்கால் மணித்தியாலம் கிடைக்கும். எழும்பியவுடன் புத்தகத்தைத் திறக்கக்கூடாது. நித்திரை மயக்கம் விலகச் சில பேருக்கு அரை மணித்தியாலம், சில பேருக்கு அதற்கு மேலும் ஆகும். குளிப்பு, சோறு, பிள்ளைகள். பிறகு 3.30 முதல் 5.30 வரை படிப்பு. கடினமான கணக்குகள் எல்லாம் இந்த நேரத்துக்குள்தான். இரவு 7.15 முதல் 8.45 வரை மறுபடியும் ஒரு நித்திரை, 9.30க்கு வேலைக்குக் கிளம்புதல். மொத்தம் ஏழேகால் மணித்தியாலம் வருகிறது. முதலாவது வழியின் ஒரே நல்ல வாதம், படித்ததும் நித்திரை, அதுவும் இந்த மாலை நித்திரையால் ஓரளவு கிடைத்துவிடுகிறது. இந்த மாலை நித்திரையைத் தவறவிட்டால் திட்டமே சரிந்துவிடும். ஏழு மணிக்கு வீட்டில் தொலைக்காட்சி ஓடும் குடும்பங்களில் இதைக் காப்பாற்றுவது பகல் நித்திரையைவிடச் சிரமம்.

மற்றக் கிழமைகளில் என்ன செய்வது? எல்லாக் கிழமைக்கும் ஒரே படிப்பு நேரம் வேண்டும் என்று மச்சான் பிடிவாதமாக இருந்தார். அது நடக்காது, 2 முதல் 10 வரை வேலை உள்ள கிழமையில் பின்னேரமே இல்லை. ஆனால் காலை வேலைக் கிழமையில் இரண்டரைக்கு வந்து, சாப்பிட்டு, இருபது நிமிடம் கண்மூடினால் 4 முதல் 5.30 வரை படிக்கலாம். ஆக மூன்றில் இரண்டு கிழமைக்கு ஏறக்குறைய ஒரே நேரம். நடுவில் வரும் கிழமையில் நள்ளிரவுக்குப் படுத்து எட்டுக்கு எழும்பி, காலை 9.30 முதல் 11.30 வரை. மூன்றுக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: நல்ல நித்திரைக்குப் பிறகு, எழும்பியவுடன் இல்லாமல்.

வேலை காலை, பின்னேரம், இரவு என்று முன்னோக்கிச் சுழல்வது மச்சானுக்கு அதிர்ஷ்டம். பெரும்பாலானவர்களுடைய உடம்புக் கடிகாரம் பிந்திப்போவதை முந்திவருவதைவிட இலகுவாக ஏற்கும். பின்னோக்கிச் சுழலும் இடங்களில் மாறும் முதல் இரண்டு நாட்களுக்குப் பரீட்சை மாதிரித் தாள் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

முன்னோக்கிச் சுழன்றாலும் ஒரு இடத்தில் அடி விழும்: இரவுக் கிழமை முடிந்து காலைக் கிழமை தொடங்கும் இடம். சனி காலை ஆறரைக்கு வந்தால் 7.15 முதல் 11 வரை மட்டும் படுக்கலாம். கண் எரிந்தாலும் எழும்பி, பின்னேரம் வெயிலில் கொஞ்சம் வெளியே போய்வந்து, ஒன்பதுக்குப் படுக்க வேண்டும். அன்றைக்குப் புதிய பாடம் இல்லை. கிழமைக்குள் செய்த கணக்குகளைத் திருத்திப் பார்க்கலாம், அதுவும் முடிந்தால். ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு ஒழுங்கான படிப்பு திரும்பத் தொடங்கும். திங்கள் நாலரைக்கு அலாரம்.