ஆறு பேர் ஆபீஸில் ஓர் அனுமதிப் பதிவேடு: நாலு வருட அனுபவம்

எங்களுடையது ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்குப் பார்க்கும் சின்ன ஆபீஸ். என்னையும் சேர்த்து ஆறு பேர். ஒரு மாதம் 20-ஆம் தேதி சாயங்காலம், ஒரு கிளையன்ட்டின் 3பி ரிட்டர்னை ஃபைல் பண்ண உட்கார்ந்தோம். ஓடிபி வரவே இல்லை. கொஞ்ச நேரத்தில் வேலையை விட்டுப் போய் மூன்று மாதமான தம்பியிடமிருந்து போன்: "அண்ணே, ஓடிபி எனக்கு வந்திருக்கு, படிக்கட்டுமா?"

அந்தக் கிளையன்ட்டுக்கு ஜிஎஸ்டி பதிவு எடுத்த நாளில் அவசரத்துக்கு அவன் நம்பரைக் கொடுத்திருக்கிறோம். அது யாருக்குமே ஞாபகமில்லை. அவன் நல்ல பையன், படித்துச் சொன்னான். யாரிடம் என்ன அனுமதி இருக்கிறது என்று எழுதி வைக்க, அன்று ராத்திரியே கூகுள் ஷீட்ஸில் ஒரு பதிவேடு ஆரம்பித்தேன்.

முதலில் செய்த தப்பு, ஒரு ஆளுக்கு ஒரு வரி போட்டு, அவரிடம் இருப்பதையெல்லாம் ஒரே கட்டத்துக்குள் கமா போட்டு எழுதியது. இரண்டே மாதத்தில் அது குப்பையாகிவிட்டது. ஒன்றை மட்டும் எடுத்தோம் என்றால் அதை எங்கே குறிப்பது? இப்போது ஒரு ஆள், ஒரு உரிமை, ஒரு வரி. டாலியில் என்ட்ரி போடலாம் என்பது ஒரு வரி, ஒரு கிளையன்ட்டின் ஓடிபி யார் போனுக்குப் போகிறது என்பது ஒரு வரி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் யார் டிராயரில் இருக்கிறது என்பது ஒரு வரி, ஷட்டர் சாவியும் ஒரு வரி. மொத்தம் ஏழு பத்திகள்: ஆள், எங்கே, என்ன உரிமை, கொடுத்த நாள், கொடுத்தவர், எடுத்த நாள், கடைசியாகச் சரிபார்த்த நாள். எந்த வரியையும் அழிப்பதில்லை. உரிமையை எடுத்தால் F பத்தியில் தேதி போடுவோம், அவ்வளவுதான். பாஸ்வேர்டு இதில் ஏறவே கூடாது. ஒருவர் "வசதிக்காக" ஏற்றி வைத்திருந்தார், அன்று சத்தம் போட வேண்டியதாகிவிட்டது.

யாராவது விலகும்போது J1-இல் பெயரைத் தேர்ந்தெடுத்தால், அவரிடம் மிச்சமிருப்பது வரிசையாக வந்து நிற்கும்:

```
=FILTER(A2:G, A2:A=J1, F2:F="")
```

ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி போட்டுக்கொண்டே வந்தால் கடைசியில் `#N/A` என்று வரும். எங்கள் ஆபீஸில் அதைப் பார்த்தால்தான் நிம்மதி. ஆனால் பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் அதே `#N/A` தான் வரும். ஒரு முறை அப்படித்தான் ஏமாந்தோம். அதன் பிறகு பெயரை யாரும் டைப் செய்வதில்லை, A பத்தியிலும் J1-இலும் டிராப்டவுன்தான்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை சரிபார்க்கிறோம். ஷீட்டைப் பார்த்து ஷீட்டையே டிக் அடிப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. டாலியில் யூசர் பட்டியலையும், ட்ரைவில் ஃபோல்டரின் ஷேர் பட்டியலையும் திறந்து வைத்துக்கொண்டு, அங்கே இருக்கும் பெயர் இங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் தடவை அப்படிப் பார்த்தபோதுதான் ட்ரைவ் சமாச்சாரம் புரிந்தது. விலகிய ஒரு பெண்ணை ஃபோல்டரிலிருந்து எடுத்து, தேதியும் போட்டிருந்தோம். உள்ளே இரண்டு ஃபைல்களில் அவர் பெயர் அப்படியே இருந்தது. ஒன்று அவருக்குத் தனியாக ஷேர் செய்தது. ஃபோல்டரில் எடுத்தால் அது போகாது. இன்னொன்று அவர் தன் சொந்த ஜிமெயிலில் உருவாக்கியது. அதற்கு ஓனரே அவர்தான், அவரை நாம் எடுக்கவே முடியாது. அவராக ஓனர்ஷிப்பை மாற்றிக் கொடுத்து, நாம் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். கூச்சப்பட்டுக்கொண்டே போன் செய்தேன், ஐந்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார். இப்போது "ஓனர்" என்பதையும் ஓர் உரிமையாகத் தனி வரியில் எழுதுகிறோம். புது ஃபைல் எல்லாம் ஆபீஸ் அக்கவுண்டில்தான்.

இதனால் ஆகாத காரியமும் உண்டு. மூன்று பேர் ஒரே பாஸ்வேர்டில் நுழையும் போர்ட்டல் என்றால், மூன்று வரி எழுதலாம், ஒருவரை மட்டும் எடுக்க முடியாது. ஒருவர் போனால் பாஸ்வேர்டை மாற்றி, மிச்ச இருவரின் வரியிலும் புதுத் தேதி போடுகிறோம். கிளையன்ட் ஓடிபிகளை அவரவர் சொந்த நம்பருக்கு மாற்றியதில் 20-ஆம் தேதி நெருக்கடி கூடிவிட்டது. கிளையன்ட் கல்யாண வீட்டில் இருந்தால் நாங்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். எனக்கு அது பரவாயில்லை.

போன மாதம் சும்மா J1-இல் என் பெயரைப் போட்டுப் பார்த்தேன். பட்டியல் இரண்டு திரைக்கு நீண்டது. ஆபீஸ் அக்கவுண்டின் ரெக்கவரி நம்பர் என் போன் ஒன்றுதான். எனக்கு ஏதாவது ஆனால் யாராலும் உள்ளே நுழைய முடியாது. மறுநாளே ரெக்கவரி இமெயிலாக வீட்டுக்காரியின் ஐடியைச் சேர்த்து, அவள் பெயரிலும் ஒரு வரி போட்டேன். "சம்பளம் எப்போ?" என்றாள்.