பாக்ஸி டீ-ஷர்ட்டும் கனமான ஹூடியும்: பல வருடம் போட்ட பிறகு

ஸ்ட்ரீட்வேர் வாங்குபவர்களில் பலர் முதலில் பார்ப்பது லோகோவைத்தான். பல வருடமாகப் போட்டுத் துவைத்துப் பார்த்ததில், அந்தத் தோற்றத்தைக் கொண்டுவருவது உடையின் அளவுகள்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

என்னிடம் இருக்கும் இரண்டு டீ-ஷர்ட்டுகளைத் தரையில் விரித்து டேப் வைத்தால் விஷயம் புரிந்துவிடும். சாதாரண வெட்டில் உள்ள XXL, மார்புப் பகுதியில் 61 செ.மீ. அகலம், 78 செ.மீ. நீளம். பாக்ஸி வெட்டில் உள்ள M, 60 செ.மீ. அகலம், ஆனால் 69 செ.மீ. நீளம்தான். அகலம் கிட்டத்தட்ட ஒன்றுதான், நீளத்தில்தான் வித்தியாசம். XXL தொடை வரை இறங்கிக் காலைக் குட்டையாகக் காட்டுகிறது. பாக்ஸி இடுப்புக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுவதால் தொளதொள பேன்ட் விழும் விதம் முழுதாகத் தெரிகிறது. தோள் தையல் மேல்கைக்கு இறங்கி, கை முழங்கை அருகே முடிகிறது. 80களிலும் 90களிலும் ஸ்கேட்டர்களும் ஹிப்-ஹாப் இளைஞர்களும் வேலை உடைகளையும் விளையாட்டு உடைகளையும் பெரிய சைஸில் வாங்கிப் போட்டார்கள். பின்னால் வந்த பிராண்டுகள் அந்தத் தளர்வை வெட்டிலேயே கொண்டுவந்தன.

துணி மெல்லியதாக இருந்தால் இந்த வடிவம் நிற்காது. சதுர மீட்டருக்கு 160 கிராம், அதாவது 160 ஜிஎஸ்எம் எடையுள்ள துணி உடலோடு ஒட்டி வழியும். 240க்கு மேல் போனால் பெட்டி போல நிற்கும். துவைத்த பிறகு பக்கத் தையலைப் பாருங்கள். அது வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தால், பின்னலில் இருந்த முறுக்கு தண்ணீரில் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை இழுத்துத் தேய்த்தாலும் அடுத்த துவைப்பில் திரும்பிவிடும்.

ஹூடியில் பெரிய தொல்லை நீளம் சுருங்குவது. அதற்கு சாம்பியன் நிறுவனம் 1938லேயே ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கியது: ரிவர்ஸ் வீவ். துணியைக் குறுக்காகத் திருப்பி வெட்டினால் சுருக்கம் அகலத்துக்குப் போய்விடும். அகலம் இறுகாமல் இருக்க இரு பக்கமும் நீண்டு கொடுக்கும் ரிப் பட்டை வைப்பார்கள், அந்தப் பட்டை மேம்பாடு 1952 காப்புரிமையில் வந்தது. என் ஹூடி நெடுநாள் உழைப்புக்குப் பிறகும் இடுப்பிலேயே நிற்பதற்கு இதுதான் காரணம். விளையாட்டு வீரர்களுக்காகச் செய்தது தெருவுக்கு வந்தது, எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

சரி, லோகோ. ஷான் ஸ்டூசி கலிஃபோர்னியாவில் தான் செய்த சர்ஃப்போர்டுகளில் கிறுக்கிய கையெழுத்தையே 80களின் தொடக்கத்தில் டீ-ஷர்ட்டிலும் அச்சிட்டார். 1994ல் நியூயார்க்கின் லஃபாயெட் தெருவில் திறந்த சுப்ரீம் கடை, கலைஞர் பார்பரா க்ரூகரின் படைப்புப் பாணியை ஒட்டி, சிவப்புப் பெட்டியில் வெள்ளை எழுத்து வைத்தது. இரண்டும் தூரத்திலிருந்தே படிக்கத் தெரியும், அதுதான் அவற்றின் பலம்.

பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மையால் போட்ட கனமான அச்சு சூடு பட்டால் வெடிப்பு விடும். உள்பக்கம் திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைத்து, நிழலில் காயவைத்து, அச்சின் மேல் நேராக அயர்ன் வைக்காமல் இருந்தால் நெடுநாள் வரும். அப்படியும் கவலை இருந்தால் எம்பிராய்டரி லோகோ வாங்குங்கள், அது எனக்குத் துணி கிழியும் வரை வந்திருக்கிறது.