மின்சார சைக்கிளுக்கு இன்சூரன்ஸ்: இரண்டே கால் வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது

2023 ஜூன் மாதம் பாரிமுனையில் ஒரு கடையில் மின்சார சைக்கிள் வாங்கினேன். கூடை, போன் ஸ்டாண்ட், பூட்டு எல்லாம் சேர்த்து 38,500 ரூபாய். வீடு கொருக்குப்பேட்டை, வேலை பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில். ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்து அலுத்துப் போய்த்தான் இந்த முடிவுக்கு வந்தேன். பில் போடும்போது, "இதுக்கு இன்சூரன்ஸ் எங்க போடணும்ணா?" என்று கேட்டேன். "லைசென்ஸ் வேணாம், நம்பர் பிளேட் வேணாம், இன்சூரன்ஸும் வேணாம்மா" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னதில் தப்பில்லை. மோட்டார் 250 வாட்டுக்கு உள்ளே இருந்து, வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டாமல் மோட்டார் நின்றுவிடும் பெடல் சைக்கிளை மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகவே எண்ணுவதில்லை. அதனால் பதிவு கிடையாது, கட்டாய இன்சூரன்ஸும் கிடையாது. ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் இருப்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. பைக்குக்குப் பாலிசி போடுகிற எந்த இடத்திலும் முதலில் கேட்பது பதிவு எண். அது இல்லாத வண்டிக்கு அங்கே இடமே இல்லை. தெரிந்த ஏஜென்ட் ஒருவரிடம் கேட்டபோது, "இது வண்டியே இல்லம்மா, நான் எப்படிப் போடுறது?" என்று கையை விரித்தார்.

வீட்டுச் சாமான்களுக்கு ஏற்கெனவே ஒரு பாலிசி இருந்தது. சைக்கிளும் வீட்டுச் சாமான்தானே, அதில் அடங்கிவிடும் என்று இருந்துவிட்டேன்.

அந்த நினைப்பு ஆறு மாதம்தான் நீடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் கீழ் வீடு. பிரிட்ஜ், வாஷிங் மெஷின், சைக்கிள் மூன்றும் மூழ்கின. தண்ணீர் வடிந்து நான்காம் நாள் பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு கைப்பிடி சேறு, கனெக்டர் முனைகளில் பச்சைக் களிம்பு. கன்ட்ரோலரும் பேட்டரியும் போய்விட்டன என்று மெக்கானிக் சொன்னார். மொத்தம் 13,200 ரூபாய்.

சர்வேயர் வந்து பார்த்தார். பிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் எழுதிக்கொண்டார். சைக்கிளை எழுதவில்லை. ஏன் சார் என்று கேட்டதற்குப் பாலிசியின் விலக்குப் பட்டியலைப் புரட்டி ஒரு வரியைக் காட்டினார். தனியாகக் குறிப்பிட்டுச் சேர்த்திருந்தால் தவிர வாகனங்களுக்கு ஏற்படும் சேதம் அடங்காது என்றிருந்தது. மோட்டார் இன்சூரன்ஸ்காரருக்கு இது வாகனமில்லை, வீட்டு இன்சூரன்ஸ்காரருக்கு இது வாகனம். என் சைக்கிள் நடுவில் நின்றது. இரண்டு பக்கமும் அவரவர் எழுத்துப்படி சரிதான், அதனால்தான் இது இவ்வளவு பேர் கண்ணில் படாமல் போகிறது.

அன்று இரவு அந்தப் பாலிசியை முழுசாகப் படித்தேன். வெள்ளம், தீ போல ஏதாவது நடந்து, அதன் விளைவாக ஏழு நாளுக்குள் திருடு போனால்தான் அதில் திருட்டுக்குப் பணம். மாடிப்படிக்குக் கீழே நிற்கும் சைக்கிளை ஒரு சாதாரண நாளில் தள்ளிக்கொண்டு போனால் அதில் எதுவும் கிடையாது.

கன்ட்ரோலரையும் பேட்டரியையும் கைக்காசில் மாற்றிக்கொண்டு, 2024 பிப்ரவரியில் சைக்கிளுக்கென்றே பாலிசி போட்டேன். கேட்க வேண்டிய பெயர் 'பெடல் சைக்கிள்' பாலிசி. சில நிறுவனங்களில் வீட்டுக்கான பேக்கேஜ் பாலிசிக்குள்ளேயே ஒரு பிரிவாக இருக்கும், கேட்காவிட்டால் அதைச் சேர்க்க மாட்டார்கள். மின்சார சைக்கிள் என்பதை மறைக்காமல், மோட்டார் 250 வாட், பதிவு தேவையில்லாத வகை என்று விண்ணப்பத்திலேயே எழுதினேன். இந்த வகையை ஏற்கிறீர்களா என்று மெயிலில் கேட்டுப் பதிலும் வாங்கினேன். அந்த ஒரு மெயில் பின்னால் எனக்குப் பெரிய துணையாக நின்றது.

அடுத்தது பிரேம் நம்பர். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தால் பெடல் அச்சு போகிற குழாயின் அடியில் குத்தியிருக்கும். பெயின்ட் ஏறியிருந்ததால் எனக்கு எண்கள் தெரியவில்லை. சாக்பீஸைத் தேய்த்துத் துணியால் மேலாகத் துடைத்ததும் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்று ஒவ்வொரு எண்ணும் தெளிவாகத் தெரிந்தது. அதைப் போட்டோ எடுத்தேன். என் பில்லில் மாடல் பெயர் மட்டும்தான் இருந்தது. கடைக்கு மறுபடி போய் பிரேம் நம்பர், மோட்டார் நம்பர், பேட்டரி நம்பர் மூன்றையும் எழுதி சீல் வாங்கி வந்தேன். பேட்டரி மாற்றியது என்பதால் அதற்கு மெக்கானிக் கொடுத்த பில் தனியாக.

இதே சமயம் மாடி வீட்டு அண்ணனும் அதே பாலிசி எடுத்தார். அந்த நவம்பரில் தண்டையார்பேட்டையில் ஒரு கிளினிக் வாசலில் அவர் சைக்கிளை நிறுத்தியிருந்தபோது பேட்டரியை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சைக்கிள் பூட்டியபடியே நின்றது. புதுப் பேட்டரி 11,500 ரூபாய். கிளெய்ம் போட்டார், மறுத்துவிட்டார்கள். உதிரிப் பாகங்கள் சைக்கிளோடு சேர்ந்து திருடு போனால்தான் பணம், தனியாகப் போனால் கிடையாது என்பது நிபந்தனை. மணி, லைட், மட்கார்டு காலத்தில் எழுதிய வரி அது. மின்சார சைக்கிளில் அந்த 'உதிரிப் பாகம்' மொத்த விலையில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் ஒரே சாவியில் கழன்று வருவது! எனக்கு அதைக் கேட்டு வயிறு எரிந்தது. இன்சூரன்ஸ் நிறுவனங்கள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மன் அலுவலகம் அண்ணா சாலையில் இருக்கிறது, அங்கே போகலாமா என்று அண்ணன் கேட்டார். அங்கே கட்டணமே கிடையாது, மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருஷத்துக்குள் போகலாம். ஆனால் நிபந்தனை அச்சில் அவ்வளவு தெளிவாக இருக்கும்போது பலன் இருக்காது என்று நானே சொன்னேன்.

அதற்குப் பதிலாக, 2025 பிப்ரவரியில் புதுப்பிக்கும்போது பேட்டரியை அதன் நம்பரோடு பாலிசி அட்டவணையில் தனிப் பொருளாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டு வாரம் விடாமல் எழுதியதில் ஒப்புக்கொண்டார்கள். சைக்கிள் 19,000, பேட்டரி 8,000, மொத்தக் காப்புத்தொகை 27,000. வருஷ பிரீமியம் வரியோடு 1,090 ரூபாய். அண்ணன் அந்த வருஷம் புதுப்பிக்கவில்லை, பேட்டரியைக் கையோடு மாடிக்கு எடுத்துப் போகிறார். சேர்க்க மறுக்கும் நிறுவனத்தில் வேறு வழியும் இல்லை.

2025 செப்டம்பரில் என் முறை வந்தது. சனிக்கிழமை காலை கல்மண்டபம் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனேன். சைக்கிளை ஓரத்து இரும்புக் கிராதியோடு சேர்த்து, பிரேமுக்குள் ஒயர் பூட்டை விட்டுப் பூட்டினேன். பத்து நிமிஷம் இருக்கும், திரும்பி வந்தால் வெறும் கிராதி. கீழே வெட்டிய ஒயர் துண்டு, பிளாஸ்டிக் உறை உரிந்து கம்பிகள் ஒன்றுபோல நறுக்கியபடி கிடந்தது. கையில் மீன் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். பிறகுதான் புத்தி வந்து, ஒயர் கிடந்த இடத்தையும் கிராதியையும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்துக்கொண்டேன். பாலிசியில் நகர்த்த முடியாத ஒன்றோடு சேர்த்துப் பூட்டியிருக்க வேண்டும் என்று இருந்தது. சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டுப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அன்றே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். முதலில் சி.எஸ்.ஆர். ரசீதுதான் கொடுத்தார்கள். அது புகார் வந்தது என்பதற்கான சீட்டு மட்டும்தான், கிளெய்முக்கு எப்.ஐ.ஆர். வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள சாதாரணத் திருட்டு, மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகையில் வருகிறது. சைக்கிள் என்று வாயால் சொன்னால் கேட்பவர் மனதில் பழைய சைக்கிள் விலைதான் ஓடும். நான் சீல் போட்ட பில்லையும் பாலிசியையும் வைத்து, "சார், இதோட மதிப்பு 25,000-க்கு மேல" என்று காட்டினேன். மறுநாள் எப்.ஐ.ஆர். போட்டு நகல் கொடுத்தார்கள். நகலுக்குப் பணம் கிடையாது.

அடுத்த வாரம் நிறுவனத்திலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். அவர் முதலில் கேட்டது சாவிகள். பூட்டுச் சாவி இரண்டு, பேட்டரிச் சாவி இரண்டு, நான்கையும் மேஜை மேல் வைக்கச் சொல்லி எண்ணிப் பார்த்தார். ஒன்று குறைந்தாலும், சாவியை வண்டியிலேயே விட்டீர்களா என்ற கேள்வி வரும். உபரிச் சாவிகளை அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்த என் அம்மாவுக்கு அன்றைக்கு நன்றி சொன்னேன். மின்சார சைக்கிளுக்கு இந்தப் பாலிசி செல்லுமா என்று அவரும் இழுத்தார். பழைய மெயிலைக் காட்டியதும் பேச்சு நின்றது.

அதற்குப் பிறகு எல்லாம் காத்திருப்புதான். தேடியும் கிடைக்கவில்லை என்று போலீஸ் தரும் சான்று இல்லாமல் பணம் வராது. அதற்கே 52 நாள் ஆனது, ஐந்து முறை ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

கணக்கு இப்படி வந்தது. பில் தொகை 38,500-ல் கூடை, போன் ஸ்டாண்ட், பூட்டு, மாட்டுக்கூலி 2,300 ரூபாயைக் கழித்தார்கள், மீதி 36,200. இரண்டு வயது முடிந்து மூன்றாவதில் இருந்ததால் என் பாலிசிப்படி தேய்மானம் 30 சதவீதம், அதாவது 10,860. மீதி 25,340. ஒவ்வொரு கிளெய்மிலும் நம் பங்காகப் பிடிக்கும் 1,000 போக 24,340 ரூபாய். பேட்டரி பின்னால் மாற்றிய புதுசு என்று வாதாடினேன், எடுபடவில்லை. காப்புத்தொகை 27,000-க்கு உள்ளே இருந்ததால் அந்தப் பக்கம் வெட்டு விழவில்லை. பிரீமியத்தைக் குறைக்க நினைத்து 20,000 என்று போட்டிருந்தால், 20,000-க்கு மேல் ஒரு பைசா வந்திருக்காது.

சைக்கிள் பின்னால் கிடைத்தால் அது நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். திருடு போன 71-ஆம் நாள் பணம் கணக்கில் ஏறியது.

அதோடு கொஞ்சம் போட்டு அதே கடையில் புதுசு எடுத்தேன். இந்த முறை பில் போடுவதற்கு முன்பே சைக்கிளைக் கவிழ்க்கச் சொன்னேன். "எதுக்கும்மா?" என்று கேட்டவர், நான் பையிலிருந்து சாக்பீஸை எடுத்ததும் தானே வாங்கித் தேய்த்து, எண்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். நான் பில்லில் எழுதினேன்.