ஆழமும் வாசலும்: விளம்பரத்தில் வந்தவர் எங்கே வெளியேறினார்?

நிலாவெளியில் படகு வைத்திருக்கும் அண்ணா ஒருவருக்கு, புறாத்தீவுப் பயணத்துக்காக ஒரு இணையப் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். மே மாதம் ஃபேஸ்புக்கில் விளம்பரம் போட்டோம். மூன்றாவது கிழமை அவர் கேட்டார்: “தம்பி, காசு போகுது, சனமும் உள்ளே வருது எண்டுறாய். ஆனா ஒருத்தரும் கதைக்கிறாங்க இல்லையே, எங்க போறாங்க?”

இந்தக் கேள்விக்குப் பதில் தேட இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று ஹீட்மேப்: எல்லா வருகையாளரையும் ஒன்றாகக் கூட்டி, எங்கே தட்டினார்கள், எவ்வளவு தூரம் கீழே போனார்கள் என்று நிறத்தில் காட்டும். மற்றது செஷன் ரெக்கோர்டிங்: ஒருவரின் திரையில் நடந்ததை அப்படியே திரும்ப ஓட்டிக் காட்டும். மைக்ரோசொஃப்ட் கிளாரிட்டியில் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. அதனால் செலவை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. எந்தக் கேள்விக்கு எது பதில் சொல்லும் என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில், காசு கொடுத்து வரவழைத்தவர்களைத் தனியாகப் பிரிக்க வேண்டும். அண்ணாவின் சொந்தக்காரர்களும் பழைய வாடிக்கையாளர்களும் அதே பக்கத்துக்குத்தான் வருகிறார்கள். அவர்கள் கடைசி வரி வரை வாசிப்பார்கள். அவர்களையும் சேர்த்துப் பார்த்தால் படம் பொய்யாக அழகாகிவிடும். விளம்பர இணைப்பில் இப்படி ஒரு அடையாளம் போட்டு, அதைக் கொண்டு இரண்டிலும் வடிகட்டினேன்:

```
https://example.com/padagu?utm_source=facebook&utm_campaign=nilaveli_may
```

ஃபேஸ்புக் ஒவ்வொரு இணைப்பின் பின்னாலும் `fbclid` என்று ஒரு நீண்ட வாலைத் தானாகவே ஒட்டிவிடும். முகவரி அச்சு அசலாகப் பொருந்த வேண்டும் என்று ஹீட்மேப்பிடம் கேட்டால், ஒவ்வொரு வருகையும் வேறு பக்கம் போலத் தெரிந்து படம் வெறுமையாக வரும். ‘இதில் தொடங்கும் முகவரிகள்’ என்று கேட்க வேண்டும். கைபேசியையும் கணினியையும் தனித்தனியாகப் பார்ப்பதும் கட்டாயம். எங்களுக்குக் கணினியில் வந்தவர்கள் மிகக் குறைவு, அவர்களை விட்டுவிட்டேன்.

கைபேசியில் விளம்பரம் வழியாக வந்த 412 வருகைகளுக்கான ஸ்க்ரோல் ஹீட்மேப், முதல் படத்துக்குக் கீழே போனவர்கள் 61 வீதம் என்றது. விலைப் பகுதியை 58 வீதத்தினர் எட்டியிருந்தார்கள். பக்கத்தின் அடிவரை போனவர்கள் 52 வீதம். பெரிய சரிவு முதல் படத்தில்தான் இருந்தது, விலையில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

படத்தின் விடயத்தில் ஹீட்மேப் சொன்னது சரி. கடலும் படகுமாக இருந்த அந்தப் படம் திரையை முழுவதும் மூடியிருந்தது. ஃபேஸ்புக் செயலிக்குள் திறக்கும் உலாவி மேலே ஒரு பட்டையைப் போட்டுத் திரையை இன்னும் குறுக்கிவிடும். கீழே ஏதோ இருக்கிறது என்பதற்கு அடையாளமே இல்லை, பக்கம் அதோடு முடிந்துவிட்டது போல இருந்தது. படத்தைப் பாதி உயரத்துக்கு வெட்டினேன். இப்படியான கோளாறைக் கண்டுபிடிக்க ரெக்கோர்டிங் ஒன்றுகூடப் பார்க்கத் தேவையில்லை. வந்தவர் அசையாமல் நின்றுவிட்டுப் போகும் காட்சியில் நமக்குத் தெரியவருவது எதுவும் இல்லை.

விலையின் விடயத்தில் ஹீட்மேப் என்னைத் தவறாக வழிநடத்தியிருக்கும். ஸ்க்ரோல் ஹீட்மேப் காட்டுவது ஒருவர் போன ஆகக் கூடிய ஆழத்தை. அவர் வெளியேறிய இடத்தை அல்ல. அடிவரை போய், திரும்ப மேலே வந்து, விலையைப் பார்த்துக்கொண்டே மூடிவிட்டுப் போனவரும் ‘அடிவரை வந்தவர்’ என்றே கணக்கில் சேருவார். ஆழமும் வாசலும் ஒன்றில்லை. வாசலைப் பார்க்க ரெக்கோர்டிங் வேண்டும்.

விலை வரை போனவர்களின் ரெக்கோர்டிங்குகளில் 30 பார்த்தேன். 6 பேர் வாட்ஸ்அப் பொத்தானைத் தட்டினார்கள். மீதி 24 பேரில் 13 பேர் அடிவரை போய், விலைக்குத் திரும்பி வந்து, அங்கேயே வெளியேறினார்கள். அந்த 13 பேரில் 8 பேர் ஒரே வரியைத் தட்டியிருந்தார்கள்: ‘பூங்கா நுழைவுச்சீட்டு தனி’. அது வெறும் எழுத்து, இணைப்பு இல்லை. சிலர் இரண்டு மூன்று தரம் தட்டினார்கள். இப்படிப் பதில் வராத தட்டலை கிளாரிட்டி ‘டெட் கிளிக்’ என்று குறித்துத் தரும், அதை வைத்தே வடிகட்டவும் முடியும். கிளிக் ஹீட்மேப்பிலும் அந்த வரியில் ஒரு சிறு பொட்டு இருந்தது. ஆனால் அடிவரை போய்த் திரும்பி வந்த பிறகு தட்டினார்கள் என்ற வரிசையை அந்தப் பொட்டு சொல்லாது. கீழே தேடியும் பதில் கிடைக்காமல்தான் அவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள்.

என்ன பதிலைத் தேடினார்கள் என்பது ரெக்கோர்டிங்கிலும் இல்லை. அதற்கு அண்ணாவின் வாட்ஸ்அப்பைத்தான் பார்த்தேன். புறாத்தீவு தேசியப் பூங்கா. உள்ளூராருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடக் கூடிய இன்னொரு கட்டணம். லண்டனில் இருந்தும் கனடாவில் இருந்தும் விடுமுறைக்கு ஊருக்கு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: “எங்களுக்கு எந்த டிக்கெட்? அம்மாவுக்கு எந்த டிக்கெட்?” குடும்பத்தில் பாதிப் பேரிடம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு, பாதிப் பேரிடம் இலங்கை அடையாள அட்டை. மொத்தச் செலவைக் கூட்டிப் பார்க்க முடியாமல் போயிருக்கிறார்கள். படகுக் கூலி கூட என்பதால் போகிறார்கள் என்று நினைத்து, அண்ணா விலையைக் குறைக்கத் தயாராகியிருந்தார். நல்லவேளை, குறைக்கவில்லை. யாருக்கு எந்தச் சீட்டு என்பதை விலைக்குக் கீழேயே நான்கு வரியில் எழுதினோம். அதன்பின் பார்த்த 30 ரெக்கோர்டிங்குகளில், விலைக்குத் திரும்பி வந்து வெளியேறியவர்கள் 4 பேர். இதற்கிடையில் படத்தையும் மாற்றியிருந்தேன், சீசனும் சூடுபிடித்திருந்தது. அதனால் முழுப் பலனும் அந்த நான்கு வரியால் வந்தது என்று சொல்ல மாட்டேன்.

ரெக்கோர்டிங்கிலும் ஏமாற இடமுண்டு. வாட்ஸ்அப் பொத்தானைத் தட்டியதும் `wa.me` திறந்து நம் பக்கம் முடிந்துவிடும், ரெக்கோர்டிங்கும் அங்கேயே நிற்கும். அவசரத்தில் பார்த்தால் ஒருவர் விட்டுவிட்டுப் போனது போல இருக்கும். உண்மையில் அவர்தான் வாடிக்கையாளர். முதல் நாள் இரண்டு பேரை நானே அப்படித் தவறாக எண்ணிவிட்டேன். அடுத்தது, ஒருவர் 40 விநாடி அசையாமல் இருந்தால் வாசிக்கிறாரா, போனை வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றப் போனாரா என்று தெரியாது. கைபேசியில் மவுஸ் அம்பும் இல்லை, கண் எங்கே இருந்தது என்று ஊகிக்க.

எதை முதலில் திறப்பது என்றால், வருகை எண்ணிக்கையைத்தான் பார்ப்பேன். 40 வருகைக்கு ஹீட்மேப் வரைந்தால் ஒரு ஆள் இரண்டரை வீதம். நாலு பேர் மனம் மாறினால் படமே மாறிவிடும். அப்படியான சின்ன விளம்பரத்துக்கு நேரே ரெக்கோர்டிங்குக்குப் போகலாம். சில நூறு சேர்ந்த பிறகு, எந்தத் திரையில் சரிவு என்று ஹீட்மேப்பில் பார்த்து, அந்தத் திரைக்கு வந்தவர்களை மட்டும் ரெக்கோர்டிங்கில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இரண்டுக்குமே தெரியாத ஒரு வாசலும் இருக்கிறது. பக்கம் ஏற்றப்படும் முன்பே போனவரை எந்தப் பதிவும் பிடிக்காது, ஏனென்றால் பதிவு செய்யும் நிரல் இன்னும் ஓடத் தொடங்கியிருக்காது. ஃபேஸ்புக்கின் விளம்பரக் கணக்கில் இணைப்பைத் தட்டியவர்களும் பக்கத்தைக் கண்டவர்களும் தனித்தனி எண்களாக இருப்பார்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் பிரச்சினை அங்கேதான். எங்கள் இடைவெளியும் பெரிதாகத்தான் இருந்தது. காரணம் மறுபடியும் அதே கடல் படம்: உயரத்தை வெட்டினேனே தவிர, கோப்பு இன்னும் 4 எம்பி.