அண்மைச் சந்தியா, மொத்தத் தூரமா? வன்னி வீதிகளில் நான்கு வழிமுறைகள்

வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கு மிகக் குறுகிய வழி எது? மாங்குளத்தில் நான் நடத்தும் வார இறுதி வகுப்பில் இந்தக் கேள்வியைக் கொடுத்தால், பிள்ளைகள் கணக்குப் போடுவதற்கு முன்பே சண்டை பிடிப்பார்கள். நெடுங்கேணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விடை, மாங்குளத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு விடை. எனக்கு அது பிடிக்கும். தெரிந்த வீதியில் பிழை விட்டால், பிழை எங்கே என்று அவர்களுக்கே தெரியும்.

நாங்கள் பயன்படுத்தும் வரைபில் எட்டுக் கணுக்கள், பத்து விளிம்புகள். கணு என்றால் ஊர் அல்லது சந்தி. விளிம்பு என்றால் இரண்டு கணுக்களை இணைக்கும் வீதி. விளிம்பின் மேல் எழுதும் எண் அதன் நிறை. கீழே உள்ள எண்களைக் கிலோமீற்றர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக நான் முழு எண்களாக வைத்தவை அவை, வீதிப் பலகையில் பார்த்தவை அல்ல.

```
வவுனியா – புளியங்குளம்             26
புளியங்குளம் – நெடுங்கேணி           17
புளியங்குளம் – மாங்குளம்            18
நெடுங்கேணி – ஒட்டுசுட்டான்          17
மாங்குளம் – ஒட்டுசுட்டான்           24
மாங்குளம் – பரந்தன்                34
ஒட்டுசுட்டான் – புதுக்குடியிருப்பு    16
ஒட்டுசுட்டான் – முல்லைத்தீவு        25
பரந்தன் – புதுக்குடியிருப்பு         33
புதுக்குடியிருப்பு – முல்லைத்தீவு    20
```

இதில் கிளிநொச்சி எங்கே என்று எப்போதும் ஒரு பிள்ளை கேட்பாள். முறிகண்டியையும் கேட்பார்கள், ஏ9 வீதியில் போகிற வாகனம் பிள்ளையார் கோயிலடியில் நிற்காமல் போவதில்லையே. ஆனால் இந்தக் கேள்விக்கு அந்த இடங்கள் கணுக்கள் ஆக வேண்டியதில்லை. இந்த வரைபில் அங்கே வழி பிரிவதில்லை, பயணம் தொடங்குவதும் முடிவதும் இல்லை. அப்படிப்பட்ட புள்ளியை விளிம்புக்குள் கரைத்து, இருபுறத் தூரத்தையும் கூட்டி ஒரே நிறையாக எழுதலாம். ஓமந்தையும் அப்படித்தான் முதல் விளிம்புக்குள் இருக்கிறது.

இனி வழிமுறைகளுக்கு வருவோம். முதலாவது, யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லோருக்கும் வருவது: நிற்கிற இடத்திலிருந்து, இன்னும் போகாத கணுக்களில் மிக அண்மையில் உள்ளதுக்குப் போ, அங்கிருந்தும் அப்படியே செய். வவுனியாவிலிருந்து புளியங்குளம் 26. அங்கே நெடுங்கேணி 17, மாங்குளம் 18, ஆகவே நெடுங்கேணி. பிறகு ஒட்டுசுட்டான் 17. அங்கே முல்லைத்தீவு 25, புதுக்குடியிருப்பு 16. சிறியது புதுக்குடியிருப்பு என்பதால் அங்கே திரும்பி, வட்டுவாகல் பாலம் கடந்து இன்னும் 20 போய் முல்லைத்தீவு. மொத்தம் 96. ஒட்டுசுட்டானில் திரும்பாமல் நேரே போயிருந்தால் 85. பதினொரு கிலோமீற்றர் நட்டம்.

இந்த முறையின் ஆபத்து, அது சில வேளைகளில் சரியாக வருவதுதான். ஒட்டுசுட்டான் வரை அது தெரிந்த வழி சரியானதே. அதனால் பிள்ளைக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. பிழை கடைசிச் சந்தியில் நடக்கிறது, அது நடந்ததைக் காட்ட அந்த முறைக்குள் எதுவும் இல்லை.

இரண்டாவது முறை விளிம்புகளின் எண்ணிக்கை குறைந்த வழியைத் தேடுவது. எல்லா விளிம்புகளுக்கும் ஒரே நிறை என்றால் அது நல்ல முறை. இங்கே நெடுங்கேணி வழியாகவும் நான்கு விளிம்பு, மாங்குளம் வழியாகவும் நான்கு விளிம்பு. ஒன்று 85, மற்றது 93. எண்ணிக்கைக்கு அந்த வேறுபாடு தெரியாது. யாராவது ஓமந்தையைக் கணுவாக வரைந்தால் எண்ணிக்கையும் மாறிவிடும். வீதி கொஞ்சமும் நீளவில்லை, விடை மட்டும் மாறுகிறது. நிறை உள்ள வரைபுக்கு இதை விட்டுவிடலாம்.

மூன்றாவது டைக்ஸ்ட்ராவின் வழிமுறை. நெதர்லாந்துக்காரரான எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இதை 1956இல் யோசித்து 1959இல் வெளியிட்டார். ரொட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்கு எது குறுகிய வழி என்பதுதான் அவருடைய கேள்வி. ஆர்மாக் என்ற கணினியின் திறனைப் பொதுமக்களுக்குக் காட்ட, 64 நகரங்கள் கொண்ட வரைபில் அதை ஓட்டிக் காட்டினார்கள். எங்கள் கேள்வியும் அதே வகைதான், ஊர்கள் மட்டும் வேறு.

முதல் முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு கூட்டல். அண்மைக் கணு முறை நிற்கிற இடத்திலிருந்து அடுத்த விளிம்பின் நிறையை மட்டும் ஒப்பிடுகிறது. டைக்ஸ்ட்ரா தொடக்கத்திலிருந்து வந்த மொத்தத்தை ஒப்பிடுகிறார், அதுவும் இதுவரை கண்ட எல்லாக் கணுக்களுக்கும் இடையில்.

```
d[v] = min(d[v], d[u] + w(u, v))
```

`u` இப்போது எடுத்த கணு, `v` அதன் அயற்கணு. `d` என்பது தொடக்கத்திலிருந்து இதுவரை தெரிந்த மிகக் குறைந்த தூரம், `w` விளிம்பின் நிறை. நிலையாகாத கணுக்களில் `d` மிகச் சிறியதை எடுத்து நிலையாக்க வேண்டும், அதாவது அதன் எண்ணை இனி மாற்றாமல் பூட்ட வேண்டும். பிறகு அதன் அயற்கணுக்களுக்கு மேலுள்ள வரியைப் போட வேண்டும். போட்டுப் பார்ப்போம்.

வவுனியா 0, நிலையானது. புளியங்குளத்துக்கு 26 என்று எழுதி அதை நிலையாக்குகிறோம். இப்போது நெடுங்கேணி 43, மாங்குளம் 44. சிறியது நெடுங்கேணி, அதை நிலையாக்கினால் ஒட்டுசுட்டானுக்கு 60 கிடைக்கிறது. அடுத்து மிகச் சிறியது ஒட்டுசுட்டான் அல்ல, மாங்குளம். பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். "ரீச்சர், நாங்கள் நெடுங்கேணிக்கு வந்துவிட்டோமே, ஏன் திரும்பவும் மாங்குளத்துக்குப் போக வேண்டும்?" நாங்கள் எங்கேயும் போகவில்லை. வீட்டிலிருந்தபடியே எல்லா வழிகளையும் தூர வரிசையில் திறந்து பார்க்கிறோம். மாங்குளம் 44 நிலையாகிறது. அங்கிருந்து ஒட்டுசுட்டானுக்கு 68, அது 60ஐ விடப் பெரிது, விட்டுவிடுகிறோம். பரந்தனுக்கு 78 எழுதுகிறோம்.

ஒட்டுசுட்டான் 60 நிலையாகும்போது புதுக்குடியிருப்புக்கு 76, முல்லைத்தீவுக்கு 85. டைக்ஸ்ட்ராவும் இப்போது புதுக்குடியிருப்பைத்தான் எடுக்கிறார், ஆனால் முல்லைத்தீவின் 85ஐ அழிக்கவில்லை. புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுக்கு 96, 85 நிற்கிறது. பரந்தனுக்கு 109, 78 நிற்கிறது. பிறகு பரந்தன் நிலையாகிறது, கடைசியில் முல்லைத்தீவு 85.

விடைத்தாளில் அடிக்கடி காணும் பிழைகள் இரண்டு. ஒன்று, நிலையாக்கிய வரிசையையே வழியாக எழுதிவிடுவது: வவுனியா, புளியங்குளம், நெடுங்கேணி, மாங்குளம் என்று. நெடுங்கேணிக்கும் மாங்குளத்துக்கும் இடையே இந்த வரைபில் விளிம்பே இல்லை, அதைப் பார்த்தவுடனே பிழை தெரிய வேண்டும். ஒவ்வொரு `d` எண்ணுக்கும் பக்கத்தில் அது எந்தக் கணுவிலிருந்து வந்தது என்று குறித்துவைத்து, முல்லைத்தீவிலிருந்து பின்னோக்கிப் படித்தால் வழி தானாக வரும்: ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம், வவுனியா.

மற்றது, முல்லைத்தீவுக்கு முதல் எண் கிடைத்ததும் நிறுத்திவிடுவது. மேலே செய்த கணக்கில் அப்படி நிறுத்தினாலும் 85தான் வரும், ஆகவே பிழை மறைந்துவிடும். முள்ளியவளைப் பக்கம் வெள்ளம் வந்து, சுற்றிப் போக வேண்டியதாகி, ஒட்டுசுட்டான் – முல்லைத்தீவு 25 என்பது 40 ஆகிவிட்டது என்று வைத்துப் பாருங்கள். முதலில் கிடைக்கும் எண் 100. புதுக்குடியிருப்பை நிலையாக்கிய பிறகே 96 வருகிறது. எழுதிய எண் தற்காலிகமானது. கணு நிலையாகும் வரை அதை விடை என்று சொல்லக்கூடாது.

எடைபோடும் அலகு மாறினாலும் வழிமுறை மாறாது. நிறைகளை நிமிடங்களாக்கி, நெடுங்கேணி வழியின் நடு விளிம்புகள் இரண்டும் 30, 32 என்றும், மாங்குளம் வழியின் நடு விளிம்புகள் 20, 28 என்றும் வைத்தால், முன்னும் பின்னும் 30 நிமிடமாக, 122க்கு எதிராக 108 வரும். மாங்குளத்துப் பிள்ளைகள் வெல்வார்கள். கேள்வி எந்த அலகில் கேட்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

நான்காவது பெல்மன்–போர்ட் வழிமுறை. 1950களில் ரிச்சர்ட் பெல்மன், லெஸ்டர் போர்ட் ஆகியோர் தனித்தனியே எழுதியது. இதில் எந்தக் கணுவையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் எல்லா விளிம்புகளுக்கும், இரு திசையிலும், அதே கூட்டலைப் போட வேண்டும். எண் எதுவும் மாறாத சுற்று வந்தால் நிறுத்தலாம். சென்ற சுற்றின் எண்களை மட்டும் வைத்து எங்கள் வரைபில் செய்தால், முதல் சுற்றில் புளியங்குளம் 26, இரண்டாவதில் 43, 44, மூன்றாவதில் ஒட்டுசுட்டான் 60 பரந்தன் 78, நான்காவதில் 76, 85. ஐந்தாவதில் மாற்றமில்லை. சுற்றுக்கு 20 சோதனை, மொத்தம் 100. டைக்ஸ்ட்ராவுக்கு ஒரு விளிம்பை அதிகம் போனால் இரு முறை பார்த்தால் போதும், 20க்குள் முடிந்துவிடும். கையால் செய்கிறவருக்கு இந்த வேறுபாடு பெரிது. தூரத்துக்கும் நேரத்துக்கும் நான் டைக்ஸ்ட்ராவையே சொல்வேன்.

ஆனால் நிறை கழித்தல் எண்ணாக இருந்தால் என் தேர்வு மாறும். வீதிக்குக் கழித்தல் தூரம் ஏது என்று கேட்கலாம். தூரத்துக்கு இல்லை, செலவுக்கு உண்டு. அதே எண்களை ஒரு லொறியின் செலவாக, நூறு ரூபாய் அலகில் எடுத்துக்கொள்ளுங்கள். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போகும் திசையில் மட்டும் நெல் ஏற்ற வாடகை கிடைக்கிறது. டீசல் போக 15 மிச்சம். அந்தத் திசையின் நிறை −15. எதிர்த் திசையில் பழைய 33.

டைக்ஸ்ட்ரா புதுக்குடியிருப்பை 76இல் நிலையாக்கிவிட்டார். அதற்குப் பிறகே பரந்தன் 78 நிலையாகிறது; அங்கிருந்து 78 − 15 = 63. ஆனால் புதுக்குடியிருப்பு பூட்டியாகிவிட்டது. முல்லைத்தீவுக்கு அவர் 85 என்பார், உண்மையான விடை 63 + 20 = 83. இனி வருகிற வழி எதுவும் குறைந்து வராது என்ற நம்பிக்கையில்தான் அவர் கணுவை நிலையாக்குகிறார்; கழித்தல் நிறை அந்த நம்பிக்கையை உடைக்கிறது. பெல்மன்–போர்ட் எதையும் பூட்டுவதில்லை. நான்காம் சுற்றில் 63, ஐந்தாம் சுற்றில் 83, ஆறாவதில் மாற்றமில்லை.

அந்த −15ஐத் திசை குறிக்காமல், இரு பக்கமும் போகும் விளிம்பாக எழுதிவிட்டால் எந்த வழிமுறைக்கும் விடை கிடையாது. பரந்தனுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே போய் வரப் போய் வரச் செலவு குறைந்துகொண்டே போகும். டைக்ஸ்ட்ரா அப்போதும் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு நின்றுவிடுவார். பெல்மன்–போர்ட் காட்டிக்கொடுக்கும்: எட்டுக் கணுக்களுக்கு ஏழு சுற்றுக்கு மேல் தேவைப்படக் கூடாது, எட்டாவது சுற்றிலும் ஓர் எண் குறைந்தால் எங்கோ கழித்தல் சுழல் இருக்கிறது. அப்போது நான் பிள்ளைகளிடம் கூட்டலைத் திருப்பிப் பார்க்கச் சொல்வதில்லை. வாடகையை எந்தத் திசைக்கு எழுதினீர்கள் என்று கேட்பேன்.