ஒற்றைப்படை செமஸ்டர், இரட்டைப்படை செமஸ்டர்: எது எந்த மாதம்?

தமிழ்நாட்டில் படித்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்புகிறவர்கள், இங்கே படிவம் நிரப்பும்போது தடுமாறும் இடம் இது.

1, 3, 5 ஆகிய ஒற்றைப்படை செமஸ்டர்கள் வழக்கமாக ஜூன் அல்லது ஜூலையில் தொடங்கும். பரீட்சை நவம்பர், டிசம்பரில். 2, 4, 6 ஆகியவை டிசம்பர் கடைசி அல்லது ஜனவரியில் தொடங்கி ஏப்ரல், மே பரீட்சையோடு முடியும். முதலாம் செமஸ்டர் மட்டும் அனுமதி தாமதமானால் ஜனவரி, பெப்ரவரி வரை இழுபடும்.

மதிப்பெண் பட்டியலில் அச்சாகும் மாதம் பரீட்சை மாதம், படித்த மாதம் அல்ல. 2022 ஜூலையில் சேர்ந்தவரின் மூன்றாம் செமஸ்டர் ‘நவம்பர் 2023’ என்றிருக்கும். படித்தது ஜூலை முதல். நான்காவதில் ‘ஏப்ரல் 2024’ இருக்கும். ஆண்டு மாறினாலும் இரண்டும் 2023–24 கல்வியாண்டுதான்.

அரியர்தான் உண்மையான குழப்பம். மூன்றாம் செமஸ்டர் பாடத்தை மறுபடி எழுதித் தேறினால், அது ஏப்ரல் பட்டியலில் வரும். மாதத்தை நம்பாமல், பாடத்துக்குப் பக்கத்திலுள்ள செமஸ்டர் எண்ணைப் பாருங்கள்.

நம் பல்கலைக்கழகங்களின் முறையில் மூன்றாவது என்பது இரண்டாம் வருடம் முதல் செமஸ்டர், நான்காவது அதே வருடத்தின் இரண்டாவது. ஆனால் மாதங்களை அப்படியே பொருத்திவிடாதீர்கள். இங்கே ஒவ்வொரு அணிக்கும் நாட்காட்டி வேறு.